கடைமடைக் கிணற்றிலிருந்து தெரியும் மின்கட்டமைப்பு: ஒற்றை அதிர்வெண்ணில் தெவனின் சமானம்

கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்தை அடுத்துள்ள அனுமந்தன்பட்டியின் திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் மின்மோட்டார் கொண்டு இறைத்தே பெருமளவு வாழ்கின்றன. அந்த மோட்டாரின் முனைகளுக்குப் பின்னால் நீண்டு கிடப்பது சிறிய அமைப்பு அன்று. தோட்டத்து ஓரத்தில் ஓடும் தாழ்வழுத்தக் கம்பி, அதற்குப் பின் ஒரு மின்மாற்றி, அதற்குப் பின் 11 கிலோவோல்ட் தடம், அதற்குப் பின் துணை மின்நிலையம், அதற்கும் பின் தென்னிந்தியாவின் நூற்றுக்கணக்கான மின்னாக்கிகள் என்று அது விரிந்து செல்கிறது. இவ்வளவும் மோட்டாரின் கண்ணுக்கு ஒரே ஒரு மின்னழுத்த மூலமாகவும் அதனோடு தொடராக நிற்கும் ஒரே ஒரு மின்னெதிர்ப்பாகவும் சுருங்கித் தெரியும் என்பதே தெவனின் தேற்றத்தின் சாரம். அந்த எதிர்ப்பு ஒரு சாதாரண எண்ணாக இராமல் கலப்பெண்ணாக இருக்க வேண்டியதன் காரணமும், அதை மறந்து கணக்கிடுவோர் எங்கே வழுக்குகின்றனர் என்பதும், ஒரு கடைமடைத் தோட்டத்தின் கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

தேற்றத்தின் வரலாறு நேர்த்திசை மின்னோட்டத்தில் தொடங்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிர்த் திசுக்களின் மின்சாரத்தை ஆராயும்போது 1853-இல் இதைக் கூறினார். பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் லியோன் ஷார்ல் தெவனின் 1883-இல் தாமாகவே அதைக் கண்டு வெளியிட்டார். அவர் காலத்துத் தந்திச் சுற்றுகளில் மின்கலமும் தடையும் மட்டுமே முதன்மையாக இருந்தமையால், சமானத் தொடர் உறுப்பு வெறும் தடையாக அமைந்தது. மாறுதிசை மின்சாரம் பரவியபோது, 1893-இல் கென்னலியும் ஸ்டைன்மெட்ஸும் கலப்பெண் கணிதத்தை மின்சுற்றுகளுக்குள் கொண்டுவந்தனர். அதன் பின் அதே தேற்றத்தில் தடை என்ற சொல் நின்ற இடத்தில் கலப்பு மின்னெதிர்ப்பை வைப்பது மட்டுமே வேண்டியிருந்தது. மின்னோட்ட மூலம் ஒன்றையும் அதற்கு இணையான எதிர்ப்பையும் கொண்ட மாற்று வடிவத்தை 1926-இல் அமெரிக்காவில் நார்ட்டனும் ஜெர்மனியில் மாயரும் வெளியிட்டனர். அது இங்குத் தேவைப்படவில்லை.

கலப்பெண் எதற்கு என்பதற்கு விடை காலத்தில் உள்ளது. மாறுதிசை மின்னழுத்தம் வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. மின்தடை வழியே செல்லும் மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு ஒரே கணத்தில் உச்சம் தொடும். மின்மாற்றிச் சுருளிலும் நீண்ட கம்பியிலும் காந்தப்புலம் எழுந்து விழுவதால், அங்கே மின்னோட்டம் கால் சுற்று பிந்துகிறது. இந்தப் பிந்தலை உண்டாக்கும் பண்பு மின்மறுப்பு எனப்படும். மின்தேக்கியில் நிகழ்வது இதற்கு நேர் எதிர்: அங்கே மின்னோட்டம் கால் சுற்று முந்துகிறது. தடையையும் மறுப்பையும் ஒன்றாகத் தாங்கும் அளவே மின்னெதிர்ப்பு. அது `Z = R + jX` என எழுதப்படும். R என்பது தடை, X என்பது மறுப்பு. `j` என்ற குறி, அதனோடு வரும் பகுதி கால் சுற்று தள்ளி நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. மின்மறுப்பு அதிர்வெண்ணைப் பொறுத்தது என்பதால், இவ்வாறு எழுதப்படும் சமானம் ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டுமே உரியது.

இனிக் கணக்கு. கீழ்வரும் அளவுகள் ஒரு குறிப்பிட்ட தோட்டத்தில் அளந்தவை அல்ல. வேளாண் தடங்களில் வழக்கமாகக் காணும் பொருள்களைக் கொண்டு அமைத்த மாதிரி. 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும் 100 கே.வி.ஏ. மின்மாற்றி ஒன்று, அதிலிருந்து 800 மீட்டர் தொலைவுக்குச் செல்லும் 50 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள, ‘ராபிட்’ எனப்படும் எஃகு உள்ளீடு கொண்ட அலுமினியக் கம்பி, அதன் கடைசியில் 7.5 குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார். மூன்று முனைகளிலும் சுமை சமமாக இருக்கும்வரை ஒரு முனையை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுநிலைக் கம்பிக்கும் அதற்கும் இடையிலான அழுத்தத்தைக் கணக்கிட்டால் போதும். சுமை ஏதுமில்லாத நிலையில் அது 250 வோல்ட்.

சமான மின்னெதிர்ப்பைக் காண விதி எளிது: மூலங்களை அணைத்துவிட்டு, அதாவது மின்னழுத்த மூலம் நின்ற இடத்தை வெறும் கம்பியால் இணைத்துவிட்டு, மோட்டார் முனையிலிருந்து பின்னோக்கிப் பார்க்க வேண்டும். மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் 4.5 விழுக்காடு என்று பொறித்திருக்கும் எண் அதன் மின்னெதிர்ப்பையே குறிக்கிறது. 433-இன் இருபடியை 1,00,000 வோல்ட்-ஆம்பியரால் வகுத்து அதில் 4.5 விழுக்காட்டை எடுத்தால், 0.084 ஓம் கிடைக்கும். அதில் தடை சுமார் 0.03, மறுப்பு சுமார் 0.08. ஓடிச் சூடான கம்பி கிலோமீட்டருக்கு 0.6 ஓம் தடையும் 0.33 ஓம் மறுப்பும் தருவதாகக் கொண்டால், 800 மீட்டருக்கு `0.48 + j0.26` ஓம்.

மின்மாற்றிக்குப் பின்னுள்ள 11 கிலோவோல்ட் தடத்தைச் சேர்க்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. அந்தத் தடம் 10 கிலோமீட்டர் நீண்டு 10 ஓம் தடை கொண்டிருந்தாலும், மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது சுற்று விகிதத்தின் இருபடியால், அதாவது 645-ஆல் வகுபட்டு, 0.016 ஓமாகச் சிறுத்துவிடும். பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில், முல்லைப் பெரியாற்று நீர் மலையிலிருந்து இறங்கும் லோயர் கேம்ப்பில், 1958 முதல் நீர்மின் நிலையம் இயங்கிவருகிறது. மின்நிலையம் இவ்வளவு அருகில் இருந்தும் மோட்டார் ஏன் முனகுகிறது என்ற கேள்விக்கு இந்த வகுத்தல் விடையளிக்கிறது: மின்நிலையம் அருகிலா தொலைவிலா என்பது கடைமடை மோட்டாருக்கு ஏறக்குறையப் பொருட்டே அன்று. எல்லாவற்றையும் கூட்டினால் சமான மின்னெதிர்ப்பு `0.53 + j0.34` ஓம். அதில் தடைப் பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு அந்த 800 மீட்டர் கம்பியுடையது.

இந்த எண்ணில் தடை மறுப்பைவிடப் பெரியது என்பதைக் கவனிக்க வேண்டும். உயரழுத்தப் பெருந்தடங்களில் நிலைமை தலைகீழ். அங்கே மறுப்பே ஓங்கி நிற்கும், தடையைத் தள்ளிவிட்டே முதற்கணக்கு போடுவார்கள். பாடநூல்கள் பெரும்பாலும் அந்த உலகத்தையே பேசுவதால், அங்கே பழகிய கை தாழ்வழுத்தக் கம்பியிலும் அதே வழக்கத்தைப் பின்பற்றிப் பிழை செய்கிறது.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறத்தாழ 12 ஆம்பியர் எடுக்கும். அதன் திறன் காரணி 0.8 என்று கொள்ளலாம். திறன் காரணி என்பது மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிட எவ்வளவு பிந்துகிறது என்பதன் அளவு. பிந்தும் கோணத்தின் கொசைன் மதிப்பு அது. அழுத்த இறக்கத்தை `ΔV ≈ I (R cos φ + X sin φ)` என்ற வாய்பாடு நெருக்கமாகத் தரும். இங்கே அது 12-ஐ 0.628-ஆல் பெருக்கினால் வரும் 7.5 வோல்ட், அதாவது 3 விழுக்காடு. கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலை தொடங்கும் இடம் மோட்டாரைக் கிளப்பும் கணம். நேரடியாக இணைக்கும் தொடக்கியில், நின்றிருக்கும் மோட்டார் ஓடும் மின்னோட்டத்தைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு கேட்கும். அதுவும் பெரும்பாலும் மறுப்பாகவே கேட்கும். அப்போது அதன் சொந்த மின்னெதிர்ப்பை `1.17 + j3.12` ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம்; அதன் பருமன் 3.33 ஓம். சமான மின்னெதிர்ப்பை இதனோடு கூட்டும்போது தடையைத் தடையோடும் மறுப்பை மறுப்போடும் தனித்தனியே கூட்ட வேண்டும்: `1.70 + j3.46`, பருமன் 3.86 ஓம். 250 வோல்ட்டை இதனால் வகுத்தால் 65 ஆம்பியர். மோட்டார் முனையில் கிடைப்பது 216 வோல்ட். மோட்டாரின் முறுக்கு விசை அழுத்தத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும் என்பதால், மோட்டாருக்கு உரிய 240 வோல்ட்டில் கிடைத்திருக்கக்கூடிய விசையில் 81 விழுக்காடு கைக்கு வரும். அது கிளப்பப் போதுமானது. இங்கே பருமன்களை மட்டும் கூட்டியிருந்தால் (3.33 + 0.63) 3.96 ஓம் என்றும் 210 வோல்ட் என்றும் விடை வந்திருக்கும். பிழை சிறிதுதான், ஆனால் மோட்டாரின் கோணமும் கம்பியின் கோணமும் எவ்வளவு விலகுகின்றனவோ அவ்வளவு அது பெருகும்.

ஆனால் தடத்தில் ஒரே மோட்டார் மட்டும் ஓடுவதில்லை. கம்பியின் நடுவில், 400 மீட்டரில், இதே அளவுள்ள ஆறு மோட்டார்கள் ஓடுவதாக வைத்துக்கொண்டால், தேற்றத்தின் அழகு இங்கேதான் தெரிகிறது. முழுச் சுற்றையும் ஒன்றாகத் தீர்க்க வேண்டியதில்லை. நடுப்புள்ளியில் ஒருமுறை சுருக்கிவிட்டு, மீதிக் கம்பியைத் தொடராகச் சேர்த்தால் போதும். நடுப்புள்ளிவரை பின்னோக்கிய எதிர்ப்பு `0.29 + j0.21`. ஆறு மோட்டார்களும் சேர்ந்து `2.67 + j2.00`. அழுத்தம் இவ்விரண்டுக்கும் இடையே பங்கு பிரிகிறது. கடைமடையில் சுமையற்ற அழுத்தம் 250-இலிருந்து 226 வோல்ட்டுக்கு இறங்குகிறது. சமான மின்னெதிர்ப்போ ஆறு மோட்டார்களும் இணையாக நிற்பதால் சற்றுக் குறைந்து, மீதிக் கம்பியோடு சேர்ந்து `0.50 + j0.32` ஆகிறது. அயலார் சுமை மூலத்தின் அழுத்தத்தைத்தான் குறைக்கிறது, அதன் மின்னெதிர்ப்பை உயர்த்துவதில்லை என்பது பலருக்கும் எதிர்பாராத முடிவு. இந்நிலையில் ஏழாவது மோட்டாரைக் கிளப்பினால் கிடைப்பது 197 வோல்ட். முறுக்கு விசை 67 விழுக்காடு. நீர்ப்பாரம் மிகுந்த ஆழ்குழாய் மோட்டார் இந்த இடத்தில் தயங்கத் தொடங்கும்.

வேளாண் மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வரும்போது நிகழ்வது இன்னும் கடுமையானது. தானியங்கித் தொடக்கி பொருத்திய மோட்டார்கள் மின்சாரம் வந்தவுடன் ஏழும் ஒரே கணத்தில் கிளம்புகின்றன. அப்போது நடுவிலுள்ள ஆறும் சேர்ந்து `0.195 + j0.52` ஓம் மட்டுமே, பருமன் 0.56 ஓம். அதே இரண்டு படிகளில் கணக்கிட்டால், கடைமடையின் சுமையற்ற அழுத்தம் 158 வோல்ட், சமான மின்னெதிர்ப்பு `0.39 + j0.30`, கடைசி மோட்டார் முனையில் 140 வோல்ட். முறுக்கு விசை மூன்றில் ஒரு பங்கு. தொடக்கியின் காந்தச் சுருள் இந்த அழுத்தத்தில் தன் தொடுமுனைகளைப் பிடித்து நிறுத்த இயலாமல் விட்டுவிட, அழுத்தம் ஏற, மீண்டும் பிடிக்க, மீண்டும் விட என்று ‘டக டக’ ஒலி கிளம்பும். இந்தக் குறை மோட்டாரிலும் இல்லை, தொடக்கியிலும் இல்லை என்பதற்கு அந்த ஒலியே அடையாளம். ஒவ்வொரு தொடக்கிக்கும் வெவ்வேறு காலத் தாமதம் வைத்தால் அது நின்றுவிடும்.

இந்தச் சமானத்தைக் காகிதத்தில் அல்லாமல் தோட்டத்திலேயே கண்டறிய முடியுமா என்பது நியாயமான கேள்வி. முனைகளைக் குறுக்காக இணைத்து மின்னோட்டத்தை அளக்கும் பாடநூல் வழி இங்கே உதவாது, 250-ஐ 0.63-ஆல் வகுத்தால் 397 ஆம்பியர் பாயும், உருகியும் கம்பியும் அதற்கு விலை கொடுக்கும். மாறாக, சுமை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து, வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுக்கலாம். ஆனால் எந்தச் சுமை என்பதைப் பொறுத்து விடை மாறும். மூன்று முனைகளிலும் சமமாக 10 ஆம்பியர் எடுக்கும் சூடேற்றிக் கம்பிகளை இணைத்தால் இறக்கம் 5.3 வோல்ட், அதிலிருந்து 0.53 ஓம் வரும், அது தடை மட்டுமே. ஓடும் மோட்டாரை இணைத்தால் 7.5 வோல்ட்; அதிலிருந்து 0.63 வரும், அதில் இரண்டும் கலந்துள்ளன. முதல் அளவில் R தெரிந்துவிட்டதால் இரண்டாவதிலிருந்து `0.63 = 0.8 × 0.53 + 0.6 X` என்று எழுதி, X 0.34 என்று பிரித்தெடுக்கலாம். இரண்டு அறியாதவற்றுக்கு இரண்டு வேறுபட்ட கோணங்களில் அளவு வேண்டும்; ஒரே அளவில் இரண்டையும் பிடிக்க முயல்வோர் பாதியை இழக்கிறார்கள்.

இந்த வழியில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒற்றை முனைக்கும் நடுநிலைக்கும் இடையே ஒரே ஒரு சூடேற்றியை இணைத்து அளந்தால், மின்னோட்டம் நடுநிலைக் கம்பி வழியே திரும்புவதால் அதன் தடையும் சேர்ந்து விடை ஏறக்குறைய இரு மடங்காகும். அது மும்முனை மோட்டாருக்குரிய எண் அன்று. இரண்டாவது கண்ணி அளவின் நுண்மை: 7.5 வோல்ட் இறக்கத்தில் ஒரு வோல்ட் பிழை நேர்ந்தால் X-இல் 0.14 ஓம் பிழை வரும், அதாவது ஐந்தில் இரண்டு பங்கு. அதற்குள் அயலார் ஒருவர் மோட்டாரை அணைத்தாலே ஏறத்தாழ நான்கு வோல்ட் மாறிவிடும். எனவே சுமையை மாறி மாறி இணைத்தும் விடுத்தும் பலமுறை அளந்து சராசரி எடுப்பதும், மோட்டாரைக் கிளப்பும்போது வரும் 34 வோல்ட் இறக்கத்தைப் பதிவுசெய்யும் கருவியால் பிடிப்பதும் நம்பத்தக்க வழிகள்.

மின்தேக்கி பொருத்தினால் குறைந்த அழுத்தம் தீரும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதையும் இந்தச் சமானத்தில் வைத்துப் பார்க்கலாம். மோட்டாரோடு 3 கிலோவார் மின்தேக்கியை இணைத்தால், அது முனைக்கு 4.2 ஆம்பியர் முந்தும் மின்னோட்டத்தை எடுத்து, மோட்டாரின் பிந்தும் பங்கில் அவ்வளவை ஈடுசெய்யும். மிச்சம் 0.34 ஓமை 4.2-ஆல் பெருக்கி வரும் 1.4 வோல்ட். மின்தேக்கி சமான மின்னெதிர்ப்பின் மறுப்புப் பகுதியோடு மட்டுமே பேசுகிறது. தடைப் பகுதியை அது தொடுவதேயில்லை, இங்கே பெரியது தடையே. ஒருவர் மட்டும் பொருத்தினால் பலன் இவ்வளவுதான். நடுவிலுள்ள ஆறு மோட்டார்களிலும் பொருத்தினால் 25 ஆம்பியர் 0.21 ஓம் வழியே குறைந்து, கடைமடைக்கு மேலும் ஏறத்தாழ 5 வோல்ட் கூடும். மின்தேக்கி பயனற்றது என்பது இதன் பொருள் அன்று. கம்பியில் வீணாகும் ஆற்றலை அது நன்றாகவே குறைக்கும். அழுத்தத்தை மீட்கும் கருவியாக மட்டும் அதை நம்புவதே பிழை.

மின்தேக்கி வந்தவுடன் அதிர்வெண் கேள்வியும் வந்துவிடுகிறது. 50 ஹெர்ட்ஸில் அந்த மின்தேக்கியின் மறுப்பு 57.6 ஓம், சமானத்தின் மறுப்பு 0.34 ஓம், ஒன்றோடொன்று ஒப்பிட இடமே இல்லை. அதிர்வெண் 13 மடங்காகி 650 ஹெர்ட்ஸ் ஆகும்போது சமானத்தின் மறுப்பு 13 மடங்கு ஏறி 4.42 ஓம் ஆகிறது, மின்தேக்கியினுடையது 13 மடங்கு இறங்கி 4.43 ஓம் ஆகிறது. இரண்டும் சமமாகி ஒத்ததிர்வு எழுகிறது. வேகத்தை மாற்றி மோட்டாரை ஓட்டும் மின்னணுக் கருவிகள் 50 ஹெர்ட்ஸின் 5, 7, 11, 13 மடங்குகளில் மின்னோட்டத்தைத் தடத்துக்குள் செலுத்தும் இயல்புடையவை. அத்தகைய கருவி அருகில் இருந்தால், 13-ஆம் மடங்கில் தட அழுத்தத்தின் வடிவம் சிதைவதையும் மின்தேக்கி சூடாவதையும் எதிர்பார்க்கலாம். `0.53 + j0.34` என்ற எண்ணை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இது தென்படாது. ஒவ்வொரு மடங்குக்கும் தனித்தனிச் சமானம் எழுதி, விடைகளைப் பின்னர் சேர்க்க வேண்டும். அதற்கும் சுற்று நேரியல் பண்புடையதாக, அதாவது அழுத்தம் இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும் இயல்புடையதாக இருக்க வேண்டும்.

நேரியல் என்ற அந்த நிபந்தனை மேலே போட்ட கணக்குக்கும் பொருந்தும். ஆறு மோட்டார்களை மாறாத மின்னெதிர்ப்பாக எடுத்தது ஒரு வசதி. ஓடும் மோட்டார் உண்மையில் அழுத்தம் இறங்கினால் தன் வேலையை முடிக்கக் கூடுதல் மின்னோட்டம் எடுக்கும். ஆகவே 226 வோல்ட் என்ற எண் நடைமுறையில் இன்னும் சற்றுக் கீழேதான் இருக்கும். கிளம்பும் முதல் சில சுற்றுகளின் துள்ளலையும் இந்தச் சமானம் காட்டாது. அது நிலைபெற்ற அலைக்கு மட்டும் உரியது.

தீர்வு எங்கே என்பதை அதே எண்ணே சுட்டுகிறது. 11 கிலோவோல்ட் கம்பியைத் தோட்டம்வரை கொண்டுவந்து, 100 கே.வி.ஏ. மின்மாற்றிக்குப் பதில் இரண்டு மூன்று மோட்டார்களுக்கு ஒரு 25 கே.வி.ஏ. மின்மாற்றி வைப்பதை உயரழுத்தப் பகிர்மான முறை என்பர். இதில் மறைந்திருக்கும் விலையைச் சொல்லாமல் புகழ்வது வழக்கமாகிவிட்டது. மின்மாற்றி நான்கில் ஒரு பங்காகச் சிறுத்தால், அதே 4.5 விழுக்காடு ஓமில் நான்கு மடங்காகிறது: 0.084 ஓம் இருந்த இடத்தில் 0.34 ஓம். அப்படியிருந்தும் 50 மீட்டர் கம்பியோடு சேர்ந்த மொத்தச் சமானம் ஏறத்தாழ `0.25 + j0.29` ஓம். மோட்டார் தனியாகக் கிளம்பும்போது கிடைப்பது 225 வோல்ட், முறுக்கு விசை 88 விழுக்காடு. பழைய அமைப்பில் தனியாகக் கிளம்பியபோது வந்த 216-ஐவிட இது 9 வோல்ட் மட்டுமே அதிகம். உண்மையான ஆதாயம் மூல அழுத்தத்தில் உள்ளது: அயலாரின் ஆறு மோட்டார்கள் இப்போது வேறு மின்மாற்றிகளில் இருப்பதால், 226-க்கு இறங்கியிருந்த அழுத்தம் 250-க்கு அருகிலேயே நிற்கிறது. கடைமடைத் தோட்டத்துக்கு 197 வோல்ட்டுக்குப் பதில் 225 வோல்ட் கிடைப்பதற்கு, மின்னெதிர்ப்பு குறைந்ததைவிட அந்தத் தனிமையே பெரிய காரணம்.